ஒரே ரிப்போர்ட், ஏழு கிளைகள்: ஒவ்வொரு முகாமையாளருக்கும் தன் கிளைக் கணக்கு மட்டும் தெரிய என்ன வழி?

கணக்கு_மேசை:
வணக்கம் எல்லாருக்கும். உரம், விதை, மருந்து, தெளிகருவி விற்கும் ஒரு நிறுவனத்தின் தலைமை அலுவலகத்தில், கண்டியில் இருக்கிறேன். கம்பளை, ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, வெலிமடை, பண்டாரவளை, பதுளை என்று ஏழு கிளைகள். பில் போடும் சொஃப்ட்வெயரில் இருந்து தரவை எடுத்து பவர் பிஐயில் ஒரு ரிப்போர்ட் செய்து வைத்திருக்கிறேன், தினமும் விடிய 5 மணிக்குத் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். இதுவரை அதைப் பார்த்தது முதலாளியும் கணக்காளரும் மட்டும்தான். இப்போது கிளை முகாமையாளர்களுக்கும் கொடுக்கச் சொல்கிறார்கள், ஆனால் ஒருவர் மற்றவருடைய கணக்கைப் பார்க்கக் கூடாது. விற்பனைத் தொகை தெரிந்தால்கூடப் பரவாயில்லை, கடன் வாங்கிய விவசாயிகளின் பட்டியல் தெரியக் கூடாது என்பதுதான் முக்கியம். நுவரெலியாக் கிளைக்கும் வெலிமடைக் கிளைக்கும் நடுவில் உள்ள தோட்டக்காரர்களை இரண்டு பக்கமும் இழுக்கிற பிரச்சினை ஏற்கனவே இருக்கிறது. ஏழு ரிப்போர்ட் தனித்தனியாகச் செய்து வைத்தால் ஒரு கணக்கைத் திருத்துவதற்கு ஏழு இடத்தில் கை வைக்க வேண்டும், அது எனக்கு வேண்டாம். ரிப்போர்ட் ஒன்றுதான் இருக்க வேண்டும், பார்க்கிற ஆளைப் பொறுத்து அது மாற வேண்டும். செய்தவர்கள் சொல்லுங்கள்.

ஊவா_காற்று:
இது லேசான வேலை. ஒவ்வொரு கிளைக்கும் ஒரு பக்கம் போடுங்கள், பக்கத்துக்கு அந்தக் கிளையின் ஃபில்டரைப் போட்டுப் பூட்டி, ஃபில்டர் பட்டையை மறைத்துவிடுங்கள். மற்றக் கிளைகளின் பக்கங்களையும் மறைத்துவிட்டு, அவரவர் பக்கத்தின் லிங்கை மட்டும் அவரவருக்கு அனுப்புங்கள். நாங்கள் எங்கள் இடத்தில் அப்படித்தான் வைத்திருக்கிறோம், யாரும் குறை சொன்னதில்லை.

பனிமூட்டம்:
யாரும் குறை சொல்லாதது யாரும் தோண்டிப் பார்க்காததால்தான் தம்பி. மறைத்த பக்கத்துக்கும் ஒரு முகவரி இருக்கிறது, அந்த லிங்க் கையில் கிடைத்தால் பக்கம் திறக்கும். வட்ஸ்அப் குழுவில் ஒருவர் தன் லிங்கைப் போட்டால் போதும், அந்தக் கிளையின் பக்கம் எல்லாருக்கும் வந்துவிடும். அதைவிடப் பெரிய ஓட்டை வேறு: பூட்டிய ஃபில்டர் அந்தப் பக்கத்தில் தெரிகிற படங்களுக்கு மட்டும்தான், கீழே இருக்கிற தரவு முழுவதும் அவருக்குத் திறந்தே கிடக்கிறது. `Build` உரிமை உள்ள ஒருவர் `Analyze in Excel` கொடுத்தால் ஏழு கிளையும் அவருடைய எக்ஸெலில் வந்து நிற்கும். மறைப்பது அழகுக்குச் செய்கிற வேலை. பாதுகாப்பு வேண்டுமென்றால் தரவிலேயே வரி வரியாகத் தடுக்க வேண்டும்.

@கணக்கு_மேசை, நீங்கள் கேட்பதற்குப் பெயர் `Row-level security`. அதற்கு முன் ஒரு கேள்வி, ஒருவரே இரண்டு கிளை பார்க்கிறாரா? பொறுப்பு முகாமையாளர், பிராந்திய முகாமையாளர் மாதிரி ஆட்கள்?

கணக்கு_மேசை:
ஓம் அக்கா, ஹட்டன் முகாமையாளர்தான் இப்போதைக்குத் தலவாக்கலையையும் பார்க்கிறார். ஊவாப் பக்கம் பண்டாரவளை, பதுளை இரண்டுக்கும் மேலே ஒருவர் இருக்கிறார்.

சந்தைக்கடை:
நான் பவர் பிஐ எல்லாம் பாவிப்பதில்லை. எங்களுக்கு மூன்று கடை. எக்ஸெலில் பிவட் போட்டு, கடையைத் தெரிவுசெய்து, மூலத்தாளை அழித்துவிட்டு ஃபைலை அனுப்புகிறேன். மூலத்தாள் இல்லாவிட்டால் ஒன்றும் பார்க்க முடியாதுதானே?

பனிமூட்டம்:
பார்க்க முடியும். பிவட் தன்னுடைய தரவின் ஒரு நகலை ஃபைலுக்குள்ளேயே வைத்துக்கொள்கிறது. மூலத்தாள் போனாலும் அந்த நகல் போகாது. உங்கள் கடைக்காரர் ஃபில்டரை மாற்றினால் அடுத்த கடை வரும், கூட்டுத்தொகையில் இரண்டு தரம் தட்டினால் அந்தத் தொகைக்குப் பின்னால் இருக்கிற ஒவ்வொரு பில்லும் புதுத் தாளில் விரியும். நீங்களே ஒரு பழைய ஃபைலைத் திறந்து தட்டிப் பாருங்கள். எக்ஸெலில்தான் அனுப்ப வேண்டும் என்றால், அந்தக் கடையின் வரிகளை மட்டும் நகலெடுத்து, வெறும் பெறுமதிகளாகப் புது ஃபைலில் ஒட்டி, அந்த ஃபைலை அனுப்புங்கள். தாளுக்குப் போடுகிற கடவுச்சொல்லை நம்ப வேண்டாம், அது தெரியாமல் கை படுவதைத் தடுக்கத்தான்.

சந்தைக்கடை:
தட்டிப் பார்த்தேன். மூன்று கடையும் வந்தது. இந்த மாதத்தில் இருந்து பெறுமதிகளாகவே ஒட்டி அனுப்புகிறேன், நன்றி அக்கா.

பனிமூட்டம்:
சரி, ஏழு கிளைக்கு வருகிறேன். கிளை ஒவ்வொன்றுக்கும் ஒரு ரோல் செய்யச் சொல்லிச் சிலர் சொல்வார்கள். அப்படிச் செய்தால் ஆள் மாறும்போதெல்லாம் நீங்கள் உள்ளே போய் மாற்ற வேண்டும். ஒரே ஒரு ரோல் போதும். `UserBranch` என்று இரண்டு பத்தி உள்ள ஒரு டேபிள் செய்யுங்கள், ஒன்று மின்னஞ்சல், மற்றது கிளைக் குறியீடு. ஹட்டன் முகாமையாளருக்கு அதில் இரண்டு வரி வரும், ஊவாக்காரருக்கும் இரண்டு வரி, மற்றவர்களுக்கு ஒவ்வொன்று. இதை எக்ஸெல் ஃபைலாகவோ தரவுத்தளத்திலோ வைத்து, ரிப்போர்ட்டோடு சேர்ந்து புதுப்பிக்கும்படி விடுங்கள். பிறகு `Manage roles` போய், `Branch` டேபிளுக்கு இந்த விதியைக் கொடுங்கள்:

```
[BranchCode] IN
SELECTCOLUMNS(
    FILTER( UserBranch,
        UserBranch[Email] = USERPRINCIPALNAME() ),
    "c", UserBranch[BranchCode] )
```

அதே ரோலில் `UserBranch` டேபிளுக்கு வெறும் `FALSE()` கொடுங்கள். இல்லாவிட்டால் யாருக்கு எந்தக் கிளை என்ற பட்டியலை எல்லாரும் வாசிக்கலாம். மேலே உள்ள விதி அதனால் கெடாது, விதி ஓடும்போது அந்த டேபிளை முழுதாகவே பார்க்கும்.

ஏற்றிய பிறகு பவர் பிஐ தளத்தில் அந்த மொடலின் `Security` பக்கத்துக்குப் போய் ஏழு பேரையும் ரோலில் சேர்க்க வேண்டும். இதை மறந்தால் அவர்களுக்குப் படங்களுக்குப் பதிலாகப் பிழைச் செய்திதான் வரும். ரோலில் சேர்த்தும் `UserBranch`இல் பெயர் இல்லாதவருக்கு வெறுமையாக வரும். அது நல்லதுதான், தெரியாதவருக்கு ஒன்றுமே தெரியக் கூடாது.

ஊவா_காற்று:
ரோல் எல்லாம் நாங்களும் ஒருக்கால் போட்டுப் பார்த்தோம். போட்ட பிறகும் ஒரு முகாமையாளருக்கு எல்லாக் கிளையும் தெரிந்தது. அதனால்தான் அது சரிவராது என்று விட்டுவிட்டோம்.

பனிமூட்டம்:
அவர் வேர்க்ஸ்பேஸில் என்னவாக இருந்தார் என்று பாருங்கள். `Admin`, `Member`, `Contributor` இந்த மூன்றில் ஏதாவது ஒன்றாக இருந்தால் விதி அவருக்குப் பொருந்தவே பொருந்தாது, ஏனென்றால் மொடலையே திருத்துகிற உரிமை அவருக்கு இருக்கிறது. `Viewer` ஆக இருப்பவருக்கு மட்டும்தான் தடுக்கும். என்னிடம் வருகிற பத்தில் எட்டுக் கேள்விக்கு விடை இதுதான், விதியில் ஒரு பிழையும் இருக்காது.

ஊவா_காற்று:
ஆமாம், `Contributor` ஆகத்தான் கொடுத்திருந்தோம், அப்போதுதான் அவர் எக்ஸெலுக்கு எடுக்கலாம் என்று யாரோ சொன்னார்கள். சரி, இப்போது விளங்குகிறது. `Viewer` ஆக்கினாலும் எக்ஸெலுக்கு எடுக்க முடியுமா?

பனிமூட்டம்:
முடியும், எடுக்கும்போதும் அவருடைய கிளை மட்டும்தான் வரும். `Build` உரிமை தனியாகக் கொடுத்தாலும் விதி கூடவே நிற்கும்.

கொழுந்து_மடுவம்:
எங்களுக்கும் இதே தேவைதான். கொள்விலையும் இலாபமும் கிளைகளுக்குத் தெரியக் கூடாது, விற்பனை மட்டும் தெரிய வேண்டும். இந்த விதியில் கொள்விலைப் பத்தியை எங்கே எழுதுவது?

பனிமூட்டம்:
அது வேறு கேள்வி. இங்கே தடுப்பது வரிகளை. நீங்கள் தடுக்கப் பார்ப்பது ஒரு பத்தியை. அதற்கு `Object-level security` என்று தனியாக இருக்கிறது. கொள்விலைப் பத்தியை மூடினால் அதைத் தொட்டு எழுதிய இலாபக் கணக்கும் அவர்களுக்கு உடையும், ஆகவே இலாபம் உள்ள படங்களை வேறு ரிப்போர்ட்டுக்குக் கொண்டுபோக வேண்டி வரும். தனி இழை தொடங்குங்கள், அங்கே வருகிறேன்.

கணக்கு_மேசை:
அக்கா சொன்னபடி செய்தேன். `View as` இல் ரோலையும் `Other user` ஐயும் இரண்டையும் தெரிவுசெய்து, ஒவ்வொரு மின்னஞ்சலாகப் போட்டுப் பார்த்தேன், எல்லாம் சரியாக வந்தது. பிறகு முகாமையாளர்களையே தளத்தில் திறந்து பார்க்கச் சொன்னேன். ஆறு கிளை சரி, கம்பளை மட்டும் வெறுமை. மின்னஞ்சலை எழுத்தெழுத்தாகப் பார்த்துவிட்டேன், பிழை இல்லை.

பனிமூட்டம்:
கம்பளைக்காரர் உள்நுழைகிற பெயரும் அவருடைய மின்னஞ்சல் முகவரியும் ஒன்றா? `USERPRINCIPALNAME()` கொடுப்பது உள்நுழைகிற பெயரை. பெரும்பாலும் இரண்டும் ஒன்றாக இருக்கும், ஆனால் முதலில் `onmicrosoft.com` முகவரியில் கணக்குத் திறந்து பிறகு நிறுவன முகவரியைச் சேர்த்திருந்தால் உள்நுழைவு பழைய பெயரிலேயே இருக்கும். `Me = USERPRINCIPALNAME()` என்று ஒரு மெஷர் எழுதி, ஒரு அட்டையில் போட்டு, ரிப்போர்ட்டின் மூலையில் வையுங்கள். அவரிடம் அதைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். அதில் என்ன இருக்கிறதோ அதைத்தான் `UserBranch`இல் போட வேண்டும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசம் பிரச்சினை இல்லை. முன்னும் பின்னும் வெற்றிடம் வராமல் மட்டும் `Trim` செய்துவிடுங்கள்.

கணக்கு_மேசை:
அதேதான்! கம்பளைக்குப் பழைய பெயர். மாற்றினேன், வந்துவிட்டது. அந்த அட்டையை நிரந்தரமாகவே வைக்கப்போகிறேன், யாராவது "எனக்கு ஒன்றும் தெரியவில்லை" என்று அழைத்தால் முதலில் அதைப் பார்க்கலாம்.

இப்போது அடுத்த பிரச்சினை. வெலிமடை ஆளாகப் பார்க்கும்போது விற்பனை எல்லாம் வெலிமடைதான், ஆனால் வாடிக்கையாளர் பெயரைத் தெரிவுசெய்கிற பெட்டியைத் திறந்தால் ஏழு கிளை விவசாயிகளின் பெயரும் வரிசையாக இருக்கிறது. தொகை தெரியாது, பெயர் தெரிகிறது. எங்களுக்கு அதுவே கூடாது.

ஊவா_காற்று:
இதற்கு நான் வழி சொல்கிறேன். வாடிக்கையாளரைப் பதியும்போது எந்தக் கிளையில் பதிந்தது என்று இருக்கும்தானே? `Customer` டேபிளிலும் அந்தப் பத்திக்கு இதே விதியைப் போடுங்கள். முடிந்தது.

கணக்கு_மேசை:
போட்டேன், பெயர்ப் பட்டியல் சுத்தமாகிவிட்டது. நன்றி.

பனிமூட்டம்:
அவசரப்பட வேண்டாம். கூட்டிப் பார்த்தீர்களா? ஒவ்வொரு முகாமையாளராகவும் `View as` கொடுத்து, போன மாத விற்பனையை எழுதி, கிளை ஒன்றை ஒரு தரம் மட்டும் சேர்த்துக் கூட்டி, விதி இல்லாமல் உங்களுக்குத் தெரிகிற தொகையோடு ஒப்பிடுங்கள்.

கணக்கு_மேசை:
கூட்டினேன். எனக்குத் தெரிவது 9,640,000 ரூபா. ஏழு கிளையும் சேர்ந்து 9,575,000. 65,000 ரூபா எங்கேயோ போய்விட்டது. எப்படி?

பனிமூட்டம்:
ஒரு பங்கு எங்கே என்று என்னால் இங்கிருந்தே சொல்ல முடியும். நுவரெலியாவில் பதிந்த ஒரு விவசாயி வெலிமடைக்கு வந்து உரம் எடுத்திருப்பார். அந்தப் பில்லை வெலிமடை முகாமையாளர் பார்க்க வேண்டுமானால் கிளை விதியிலும் தேற வேண்டும், வாடிக்கையாளர் விதியிலும் தேற வேண்டும். கிளை வெலிமடை, அது சரி. வாடிக்கையாளர் நுவரெலியா, ஆகவே மறைந்துவிடும். நுவரெலியா முகாமையாளருக்கோ வாடிக்கையாளர் தன்னுடையவர், பில் தன்னுடையது இல்லை, அவருக்கும் மறையும். விற்ற கிளைக்கும் தெரியாது, பதிந்த கிளைக்கும் தெரியாது. மாதக் கடைசியில் வெலிமடைக்காரர் தன் பில் புத்தகத்தோடு சண்டைக்கு வருவார், அவர் பக்கம்தான் நியாயம் இருக்கும்.

வாடிக்கையாளர் எங்கே பதிந்தார் என்று பார்க்காதீர்கள், எங்கே வாங்கினார் என்று பாருங்கள். `Customer` விதியை இப்படி மாற்றுங்கள்:

```
VAR Mine =
    SELECTCOLUMNS(
        FILTER( UserBranch,
            UserBranch[Email] = USERPRINCIPALNAME() ),
        "c", UserBranch[BranchCode] )
RETURN
    NOT ISEMPTY(
        FILTER( RELATEDTABLE( Sales ),
            Sales[BranchCode] IN Mine ) )
```

என் கிளையில் ஒரு பில்லாவது போட்டவர் எனக்குத் தெரிவார், அவ்வளவுதான். புதிதாகப் பதிந்து இன்னும் ஒன்றும் வாங்காதவர் யாருக்கும் தெரியமாட்டார், அதை உங்கள் ஆட்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். விற்பனை வரிகள் இலட்சக்கணக்கில் போனால் இந்த விதி ரிப்போர்ட்டைக் கொஞ்சம் மெதுவாக்கும். உங்கள் அளவுக்குப் பயமில்லை.

கணக்கு_மேசை:
மாற்றினேன். 47,000 திரும்பி வந்தது. இன்னும் 18,000 குறைகிறது.

பனிமூட்டம்:
`Sales`இல் வருகிற, ஆனால் `Branch`இல் இல்லாத கிளைக் குறியீடு ஏதாவது இருக்கிறதா? விதி இல்லாமல், கிளைப் பெயரையும் தொகையையும் ஒரு டேபிளில் போட்டால் பெயர் இல்லாத வரி ஒன்று வரும். எல்லாக் கிளையும் பார்க்கிற உங்களுக்கு அது கூட்டுத்தொகையில் சேரும், கிளை ஆட்களுக்கு யாருக்குமே சேராது.

கணக்கு_மேசை:
இருக்கிறது. தலவாக்கலையின் பழைய குறியீட்டில் சில பில்கள், கணினி மாற்றும்போது விட்டுப்போனவை. `Sales`இல் பழைய குறியீட்டைப் புதியதாக மாற்றினேன், இப்போது இரண்டு பக்கமும் 9,640,000. இந்த ஒப்பீட்டை மாதா மாதம் செய்யப்போகிறேன். ரிப்போர்ட்டைப் பார்த்தால் ஒரு பிழையும் தெரியவில்லை, எல்லாப் படமும் ஒழுங்காகத்தான் இருந்தது. கூட்டியதால்தான் பிடிபட்டது.

அக்கா, இன்னொன்று. முகாமையாளர்கள் தளத்துக்குள் போய்ப் பார்ப்பார்கள் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. காலையில் மின்னஞ்சலில் வந்தால்தான் பார்ப்பார்கள். `Subscribe` இல் ஏழு பேரையும் போட்டு, காலை 6 மணிக்கு அனுப்பச் சொல்லட்டுமா?

பனிமூட்டம்:
நில்லுங்கள்! இதுவரை கட்டிய எல்லாம் அங்கேதான் உடையும். நீங்கள் உருவாக்கி மற்றவர்களைச் சேர்க்கும்போது, மின்னஞ்சலில் போகிற படம் உங்கள் உரிமையில் எடுத்த படம். உங்களுக்கு ஏழு கிளையும் தெரியும், ஆகவே ஏழு பேருக்கும் ஏழு கிளையும் போகும். லிங்கைத் தட்டி உள்ளே போனால் அவரவர் கிளை மட்டும்தான் தெரியும், அதனால் நீங்கள் தளத்தில் எத்தனை தரம் சோதித்தாலும் இது அகப்படாது, மின்னஞ்சலைத் திறந்தால்தான் தெரியும். எனக்குத் தெரிந்த ஒரு நிறுவனத்தில் பல கிழமை இப்படிப் போயிருந்தது. அனுப்பியவருக்கு வந்த படமும் சரியாகவே இருந்ததால் அவர் சந்தேகப்படவில்லை.

மூன்று வழி இருக்கிறது. உருவாக்கும்போது முன்னோட்டப் படத்தைச் சேர்க்கிற அடையாளத்தை எடுத்துவிட்டால் லிங்க் மட்டும் போகும். அல்லது ஒவ்வொரு முகாமையாளரும் தன் கணக்கில் நுழைந்து தனக்கே `Subscribe` செய்துகொள்ள வேண்டும், அப்போது படம் அவருடைய உரிமையில் எடுக்கப்படும். மூன்றாவது, பெறுபவருக்கு ஏற்ப மாறுகிற `Dynamic per recipient` என்ற வகை. அது பிரீமியம் அல்லது ஃபேப்ரிக் வேர்க்ஸ்பேஸில்தான் கிடைக்கும், வெறும் ப்ரோவில் கிடையாது. உங்களுக்கு இரண்டாவது வழிதான் பொருந்தும். ஏழு பேருக்கும் தொலைபேசியில் ஒவ்வொருவராகச் சொல்லிக்கொடுத்தால் ஒரு நாளில் முடிந்துவிடும். முதல் நாள் வந்த மின்னஞ்சலை அவர்களிடம் இருந்து திருப்பி வாங்கிப் பாருங்கள்.

மலைப்பாதை:
நான் வேறொரு நிறுவனத்தில் கிளை முகாமையாளராக இருக்கிறேன், மேசைக்கு இந்தப் பக்கத்தில் இருந்து கொஞ்சம் சொல்கிறேன். என் கணக்கை மட்டும் பார்த்து எனக்கு என்ன பயன்? இந்த மாதம் என் விற்பனை குறைந்தால், அது என் பிழையா, கிழங்கு விலை விழுந்து எல்லாக் கிளையிலும் குறைந்ததா என்று எனக்குத் தெரிய வேண்டாமா? எங்கள் ரிப்போர்ட்டில் "மொத்தத்தில் உங்கள் பங்கு" என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதில் எப்போதும் 100% என்றே நிற்கிறது. கேட்டால் தலைமை அலுவலகத்தில் ஒருவருக்கும் விடை தெரியவில்லை.

பனிமூட்டம்:
அண்ணன், அந்தக் கட்டத்தை எழுதியவர் `ALL` போட்டால் எல்லாக் கிளையும் வந்துவிடும் என்று நினைத்திருப்பார். `ALL` நீக்குவது ரிப்போர்ட்டில் போட்ட ஃபில்டரை, பாதுகாப்பு விதியை அது தொடாது. தொட்டால் விதிக்கே அர்த்தமில்லை. ஆகவே உங்களுக்கு "எல்லாக் கிளையும்" என்பதும் உங்கள் கிளைதான், பங்கு 100% தான் வரும்.

செய்ய வேண்டியது, மாதவாரியான மொத்தத்தைப் புதுப்பிக்கும் நேரத்திலேயே கணக்கிட்டு ஒரு தனி டேபிளில் வைப்பது:

```
AllMonth =
SUMMARIZECOLUMNS(
    'Date'[Month],
    "Total", SUM( Sales[Amount] )
)
```

இப்படிச் செய்கிற டேபிள் புதுப்பிக்கும்போதே கட்டப்படுவதால் விதிக்கு முந்தியே தொகை அதில் நின்றுவிடும். `Branch` டேபிளோடு அதை இணைக்கக் கூடாது. மொத்தத்தை வைத்து மற்றவரின் தொகையை ஊகிக்க முடியுமா என்பதையும் பாருங்கள். ஏழு கிளை என்றால் பரவாயில்லை. இரண்டே கிளை உள்ள பிராந்தியத்தின் மொத்தத்தைக் கொடுத்தால், தன்னுடையதைக் கழித்து மற்றவருடையதை எடுத்துவிடுவார்கள்.

மலைப்பாதை:
இதை அப்படியே எங்கள் ஆளுக்கு அனுப்புகிறேன். ஆனால் எனக்கு இதைவிடப் பெரிய கவலை கடன். விவசாயி ஒருவருக்கு 100,000 ரூபா வரைதான் கடன் கொடுக்கலாம் என்று இருக்கிறது. என் கிளையில் அவருக்கு 40,000 நிற்கிறது, அடுத்த கிளையில் 85,000 நிற்பது எனக்குத் தெரியாது. நான் இன்னும் இடமிருக்கிறது என்று நினைத்து உர மூட்டையைத் தூக்கிக் கொடுக்கிறேன். பணம் வராவிட்டால் என் பெயரில்தான் விழும். மறைக்கிறோம் மறைக்கிறோம் என்று தேவையானதையும் மறைத்துவிடுகிறீர்கள்.

கணக்கு_மேசை:
இதை நான் யோசிக்கவே இல்லை, எங்கள் நுவரெலியா, வெலிமடைக்கு இது அப்படியே பொருந்தும். அக்கா, `Customer` டேபிளில் மொத்த நிலுவையை ஒரு பத்தியாக, புதுப்பிக்கும்போதே கணக்கிட்டு வைத்தால், அதுவும் விதிக்கு முந்தி நிற்கும்தானே?

பனிமூட்டம்:
நிற்கும். கணக்கிட்ட பத்தியும் புதுப்பிக்கும்போதே நிரம்பிவிடும், தன் வாடிக்கையாளருக்கு மட்டும் அந்த மொத்தத்தை முகாமையாளர் பார்ப்பார். ஆனால் 125,000 என்று மொத்தம் காட்டினால், தன் 40,000ஐக் கழித்து மற்றக் கிளையில் 85,000 நிற்கிறது என்று கண்டுபிடித்துவிடுவார். அதுவும் கூடாது என்றால் தொகையைக் காட்டாமல் "எல்லை தாண்டியது", "இடமுண்டு" என்று மட்டும் ஒரு அடையாளம் போடலாம். எனக்கு அதுதான் சரி என்று படுகிறது.

மலைப்பாதை:
அடையாளம் மட்டும் போதாது. எல்லைக்கு இன்னும் 2,000 தான் இருக்கிறதா, 60,000 இருக்கிறதா என்று தெரியாமல் நான் எப்படி மூட்டை கொடுப்பது? மீதி எவ்வளவு என்று எனக்குத் தொகையாக வேண்டும்.

பனிமூட்டம்:
மீதியைத் தொகையாகக் கொடுத்தால் அதில் இருந்தும் கழித்துப் பார்க்கலாம், எல்லை 100,000 என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதானே. எதைக் காட்டுவது என்பதை ரிப்போர்ட் செய்கிறவர் தீர்மானிக்க முடியாது, முதலாளிதான் சொல்ல வேண்டும். அதோடு ஒன்று, விடிய 5 மணிக்குப் புதுப்பித்த கணக்கு இது. காலை 9 மணிக்கு நுவரெலியாவில் எடுத்த மூட்டை 10 மணிக்கு வெலிமடையில் தெரியாது. ப்ரோவில் நாளுக்கு எட்டுத் தரம் வரை புதுப்பிக்க நேரம் குறிக்கலாம், அப்போதும் இடைவெளி இருக்கும். கடன் எல்லையைத் தடுக்கிற வேலை பில் போடுகிற சொஃப்ட்வெயருக்கு உரியது, அதைச் செய்தவரிடம் கேட்டுப் பாருங்கள்.

கணக்கு_மேசை:
கேட்கிறேன். முதலாளியிடமும் இரண்டையும் வைக்கிறேன், அடையாளமா தொகையா என்று.

லைசன்ஸ் பற்றியும் கேட்க வேண்டும். ப்ரோ 2025 ஏப்ரலில் ஆளுக்கு மாதம் 10 டொலரில் இருந்து 14 டொலராகிவிட்டது. கிளைக்கு ஒன்றாக ஏழு என்றால் 98 டொலர், அதுவே இங்கே பெரிய காசு. வெலிமடையில் முகாமையாளரும் ஸ்டோர் கீப்பரும் ஒரே கணக்கில்தான் நுழைகிறார்கள். அவர்கள் அப்படியே பாவித்துக்கொள்ளட்டும் என்று கணக்காளர் சொல்கிறார்.

ஊவா_காற்று:
எனக்கு அது பிடித்திருக்கிறது. கிளையின் பெயரிலேயே ஒரு கணக்கு, வெலிமடை என்று. முகாமையாளர் மாறினாலும் `UserBranch`ஐத் தொட வேண்டியதில்லை, வருகிறவர் அதே கணக்கில் நுழைவார்.

பனிமூட்டம்:
வேலை மிச்சம் என்பது உண்மை. ஆனால் லைசன்ஸ் ஒரு ஆளுக்கு உரியது, இரண்டு பேர் பங்குபோட அனுமதி இல்லை. அது ஒருபுறம் இருக்கட்டும், வெலிமடை முகாமையாளர் பண்டாரவளைக்கு மாற்றலாகிப் போனால் கடவுச்சொல் அவருடைய தலையில் போகும். யாராவது அன்றைக்கே மாற்றாவிட்டால் அவர் இரண்டு கிளையையும் பார்ப்பார். ஆளின் பெயரில் கணக்கு இருந்தால் ஒரு வரியை மாற்றினால் போதும், அடுத்த புதுப்பிப்பில் பழைய கிளை அவருக்கு மூடிவிடும்.

மலைப்பாதை:
மூடிவிடக் கூடாது என்பேன். நான் மாற்றலாகிப் போன பிறகு பழைய கிளையில் நான் கொடுத்த கடனுக்கு ஆறு மாதம் என்னிடம்தான் கேட்டார்கள். நான் இருந்த காலத்துக் கணக்காவது எனக்குத் தெரிய வேண்டும்.

பனிமூட்டம்:
அதற்கும் வழி உண்டு. `UserBranch`இல் `FromDate`, `ToDate` என்று இரண்டு பத்தி சேர்த்து, விதியை `Branch`இல் இருந்து `Sales` டேபிளுக்குக் கொண்டுபோய், பில்லின் திகதி அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். செய்யலாம், ஆனால் ஒவ்வொரு பில் வரிக்கும் அந்தச் சோதனை ஓடும். அதோடு பழைய பில்லுக்கு இன்றைக்கு வருகிற பணம் பழையவர் காலமா புதியவர் காலமா என்ற கேள்வியும் எழும், அதற்கு என்னிடம் சுத்தமான விடை இல்லை.

கணக்கு_மேசை:
எங்களிடம் பணம் வாங்கின பற்றுச்சீட்டு வேறு டேபிளில் இருக்கிறது, அதில் பில் இலக்கம் எல்லாவற்றுக்கும் இல்லை. விவசாயி மொத்தமாக ஒரு தொகை கொடுப்பார், பழையதில் இருந்து கழித்துக்கொள்வோம். அப்படியிருக்க, திகதி வைத்துப் பிரித்தவர்கள் யாராவது இங்கே இருக்கிறீர்களா? பற்றுச்சீட்டை எந்தத் திகதியில் சேர்த்தீர்கள்?